மைக் முன்னால் உட்காரும் முன்: ஸ்கிரிப்ட், ரீடேக் குறி, பிக்கப் பட்டியல்

முதன்முதலில் வீட்டில் ஒரு ஆடியோ பதிவுக்கு உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்த ஸ்கிரிப்ட்டை அப்படியே அச்செடுத்து, அப்படியே படித்தேன். தப்பு வந்தால் "சாரி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். நாற்பது நிமிடப் பதிவு. அதில் எங்கே எத்தனை தப்பு என்று எனக்கே தெரியாது, ஆகவே எடிட் செய்ய நாற்பது நிமிடத்தையும் மறுபடி முழுதாகக் கேட்க வேண்டியிருந்தது, அதுவும் நிறுத்தி நிறுத்தி. ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அனுப்பி வைத்த இடத்திலிருந்து "பின்பாதியில் ஒரு வருடம் தப்பாக வருகிறது, சரிசெய்து தரவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எந்த வருடம், எத்தனையாவது நிமிடம், எதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

இதற்கெல்லாம் தீர்வு நல்ல மைக்கில் இல்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முகவரி இருக்க வேண்டும். படிக்கும்போது தப்பினால் அந்த முகவரியில் ஒரு குறி விழ வேண்டும். பிறகு கேட்டுப் பார்த்து, தப்பின வாக்கியத்தை மட்டும் மறுபடி படித்து ஒட்டும்போதும், அதாவது பிக்கப் எடுக்கும்போதும், அதே முகவரியை வைத்துத்தான் பேச வேண்டும். தனியாக, வீட்டு அறையில், ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு ஒலிப்புத்தகமோ ஆடியோ வழிகாட்டியோ படிக்கப் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். நமக்கு அந்த ஆளும் நாமேதான்.

உதாரணத்துக்கு, ஊட்டி மலை ரயிலைப் பற்றி ஒரு சின்ன ஆடியோ வழிகாட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டாவது பத்தி இப்படி வந்திருக்கிறது:

"மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை சுமார் 46 கி.மீ. தூரம். இடையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய இந்த ரயில் 1908-இல் உதகை வரை நீண்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள்; எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டுதான் மேலேறும்."

கண்ணால் படிக்க இதில் ஒரு குறையும் இல்லை. வாயால் படித்துப் பாருங்கள், குறைந்தது மூன்று இடத்தில் இடறும்.

முதல் வேலை: எழுத்தைப் பேச்சாக மாற்றுவது

எண்களிலிருந்து தொடங்குங்கள். மைக் முன்னால் "1899" என்று பார்க்கும்போது மூளை அந்த நொடியில் அதைச் சொல்லாக மாற்ற வேண்டியிருக்கிறது, அங்கேதான் இடறல். தமிழில் இது கூடுதல் சிக்கல். 90 என்றால் தொண்ணூறு, 900 என்றால் தொள்ளாயிரம், இரண்டும் காதுக்கு அக்கா தங்கை மாதிரி. 1899 என்பது "ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது". அதே வாக்கியத்திலேயே 1908, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு". வேகமாகப் படிக்கும்போது முதல் வருடத்திலேயே "தொள்ளாயிரத்து" என்று நாக்கு ஓடிவிடும், ஒரு நூற்றாண்டே மாறிப்போகும். எனவே எல்லா எண்ணையும் எழுத்தில் எழுதிவிடுங்கள். "கி.மீ." என்பதையும் விடாதீர்கள். அதைக் "கிலோமீட்டர்" என்று விரித்து எழுதாவிட்டால் ஒரு இடத்தில் "கி மீ" என்றும் இன்னொரு இடத்தில் "கிலோமீட்டர்" என்றும் படிப்பீர்கள், கேட்கிறவருக்கு அது தெரியும்.

அடுத்தது ஊர்ப்பெயர்களும் ஒலிப்பும். தமிழ் எழுத்தில் ஒரே "ப" இரண்டு மூன்று ஒலிக்கு நிற்கும். "பாவம்" என்ற சொல்லை அய்யோ பாவம் என்ற பொருளில் ஒரு மாதிரியும், நடனத்தில் முகத்தில் காட்டுகிற பாவம் என்ற பொருளில் வேறு மாதிரியும் சொல்கிறோம், எழுத்து ஒன்றுதான். கதையோ கட்டுரையோ எதுவானாலும், மெல்ல அதிர்ந்து ஒலிக்க வேண்டிய எழுத்தின் அடியில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுவிடுவேன். எல்லாச் சொல்லுக்கும் வேண்டாம், சந்தேகம் வரும் சொல்லுக்கு மட்டும். கோடுகள் அதிகமானால் ஸ்கிரிப்ட் கோலம் போட்ட வாசல் மாதிரி ஆகிவிடும், எந்தக் கோடும் கண்ணில் நிற்காது.

ஊர்ப்பெயர் விஷயத்தில் இன்னொன்று. "கல்லாறுக்கும்" என்று படிப்பதா, "கல்லாற்றுக்கும்" என்று படிப்பதா? இலக்கணப்படி ஆறு என்பது ஆற்றுக்கு என்றுதான் வர வேண்டும், ஆனால் ஊர்ப்பெயராகச் சொல்லும்போது பேச்சில் இரண்டும் கேட்கும். எது சரி என்பதைவிட, எதைப் படிக்கப் போகிறோம் என்று உட்காரும் முன் முடிவு செய்து எழுதிவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் மைக் முன்னால் ஒரு அரை நொடி தயங்குவீர்கள், அந்தத் தயக்கம் பதிவில் விழும்.

மூன்றாவது, நீள வாக்கியம். அரைப்புள்ளி கண்ணுக்கான குறி, வாய்க்கு அது உதவாது. கடைசி வாக்கியத்தை அந்த இடத்தில் இரண்டாக உடைத்துவிடலாம். உங்கள் சொந்த எழுத்து என்றால் தாராளமாக உடையுங்கள். வேறொருவர் எழுதியது, அதுவும் ஒலிப்புத்தகம் என்றால் சொல்லைத் தொடக்கூடாது, மூச்சு விடும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மூச்சுக் குறிக்கு நான் வைத்திருப்பது இரண்டே குறி. ஒற்றைச் சாய்கோடு என்றால் சின்ன நிறுத்தம், இரட்டைச் சாய்கோடு என்றால் முழுதாக நிறுத்தி மூச்சு வாங்கலாம். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. இதற்கு மேல் குறி வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் அந்தப் பத்தி இப்படி இருக்கும்:

2/1 மேட்டுப்பாளையத்திலிருந்து / உதகமண்டலம் வரை / சுமார் நாற்பத்தாறு கிலோமீட்டர் தூரம். //

2/2 இடையில் / இருநூற்று எட்டு வளைவுகள், / பதினாறு குகைகள், / இருநூற்று ஐம்பது பாலங்கள். //

2/3 ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் / குன்னூர் வரை ஓடத் தொடங்கிய இந்த ரயில் / ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் / உதகை வரை நீண்டது. //

2/4 கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே / தண்டவாளங்களின் நடுவில் / பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். //

2/5 எஞ்சினின் பற்சக்கரம் / அதைப் பற்றிக்கொண்டுதான் மேலேறும். //

முன்னால் இருக்கும் எண்தான் நான் சொன்ன முகவரி. முதல் எண் பத்தி, இரண்டாவது எண் அந்தப் பத்திக்குள் வாக்கியம். வேர்டிலும் லிப்ரே ஆஃபீஸிலும் வரி எண் தானாகப் போடும் வசதி உண்டு, ஆனால் அதை நம்பாதீர்கள். எழுத்துரு அளவை ஒரு புள்ளி மாற்றினாலும், நடுவில் ஒரு சொல் சேர்த்தாலும் வரிகள் நகர்ந்து எண்ணெல்லாம் மாறிவிடும். வாக்கிய எண் மாறாது. கடைசி நேரத்தில் புதிதாக ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டி வந்தால் 2/3அ என்று போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வருவதை மறுபடி எண்ணிடாதீர்கள்.

காகிதம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து 16 புள்ளி, வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி, வலது பக்கம் ஐந்து சென்டிமீட்டர் காலி ஓரம். அந்த ஓரத்தில்தான் ரீடேக் குறி விழப்போகிறது. ஒரு பக்கம் மட்டும் அச்சு, பக்கத்தின் முடிவில் வாக்கியம் முறியக்கூடாது, முடிந்தால் பத்தியே முறியக்கூடாது. பக்கம் புரட்டும் சத்தம் மைக்கில் நன்றாகக் கேட்கும், ஆகவே ஸ்டேப்ளர் போடாமல் தனித்தனித் தாளாக வைத்து, படித்து முடித்து முழுதாக நிறுத்தியபின் ஓசையில்லாமல் ஓரமாக நகர்த்துங்கள். டேப்லெட்டில் படிப்பவர்கள் உண்டு, சத்தம் இல்லை, நல்லதுதான். ஆனால் படிக்கிற வேகத்திலேயே பென்சிலால் ஒரு கீறல் போடுகிற சுகம் அதில் வருவதில்லை. எனக்குக் காகிதம்தான்.

உட்காரும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படிப்பது கணக்கில் வராது. "பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு" என்ற இடம் வாய்விட்டுச் சொன்னால்தான் சிக்கும். எங்கெல்லாம் சிக்குகிறதோ அங்கே ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அப்படியே ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் கடிகாரத்தில் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்குச் சொல்கிற நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது, உங்கள் பக்கம் உங்கள் நேரம் என்று அளந்துகொள்வதே சரி. பதிவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள், புதியவர் என்றால் மூன்று மடங்கு.

பதிவின்போது: தட்டு, காத்திரு, வாக்கியத்தின் தலைக்குப் போ

ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் பேசத் தொடங்காதீர்கள். ஐந்து நொடி சும்மா இருங்கள், அறையின் அமைதி பதியட்டும். வெட்டி ஒட்டும் இடங்களில் இடைவெளி தேவைப்பட்டால் இதிலிருந்துதான் எடுத்து நிரப்ப வேண்டும். முழு நிசப்தத்தை வைத்து நிரப்பினால் அந்த இடத்தில் யாரோ காதைப் பொத்தியது போல இருக்கும். அப்புறம் வாயால் "பத்தி இரண்டு" என்று சொல்லுங்கள். அதன்பின் படியுங்கள்.

தப்பு வந்துவிட்டது. உடனே நிறுத்துங்கள். "அய்யய்யோ", "சாரி", சிரிப்பு, எதுவும் வேண்டாம். ஒருமுறை கை தட்டுங்கள், மைக்கிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி. தட்டிய ஒலி அலைவடிவத்தில் குச்சி மாதிரி நேராக, உயரமாக எழும்பி நிற்கும், பேச்சு அப்படி நிற்காது. நாற்பது நிமிடப் பதிவைத் திரை அகலத்துக்குச் சுருக்கி வைத்தாலும் குச்சிகள் தனியாகத் தெரியும். கை தட்ட முடியாத அளவுக்கு வீட்டில் ஆள் தூங்கினால் நாக்கை அண்ணத்தில் சொடுக்கலாம், கொஞ்சம் சின்னக் குச்சியாகக் கிடைக்கும், பரவாயில்லை.

தட்டிய பிறகு இரண்டு நொடி காத்திருங்கள். தட்டின எதிரொலி அறையில் அடங்க வேண்டும், உங்கள் மூச்சும் நிதானத்துக்கு வர வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓரத்தில், அந்த வாக்கியத்துக்கு நேராக, "ரீ" என்று எழுதி ஒரு வட்டம். அதே வாக்கியத்தில் இரண்டாவது முறை தப்பினால் இன்னொரு வட்டம் வேண்டாம், பக்கத்தில் ஒரு கோடு சேர்த்தால் போதும். கடைசியில் வட்டங்களையும் கோடுகளையும் சேர்த்து எண்ணினால் எத்தனை ரீடேக் என்று தெரிந்துவிடும்.

பிறகு வாக்கியத்தின் தலைக்குப் போய் மறுபடி படியுங்கள். தப்பின சொல்லை மட்டும் திருத்திச் சொல்லக்கூடாது. புதியவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். "இருநூற்று எண்பது, இல்ல, எட்டு வளைவுகள்" என்று படித்துவிட்டு, எடிட்டில் "எண்பது, இல்ல" என்பதை வெட்டிவிடலாம் என்று நினைப்போம். முடியாது. திருத்திச் சொல்லும்போது குரல் தானாகக் கொஞ்சம் உயரும், அழுத்தம் கூடும், வெட்டி ஒட்டினால் அந்த "எட்டு" மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. வாக்கியத்தின் வினைச்சொல் கடைசியில் வருவதால், குரல் அதுவரை தொங்கலாக நின்று கடைசிச் சொல்லில்தான் இறங்கும். நடுவில் ஒட்டுப் போட்டால் அந்த இறக்கம் கோணலாகிவிடும்.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. "அதைப் பற்றிக்கொண்டு" என்பதைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். "அதை" முடிந்ததும் ஒரு சின்ன அமைதி, பிறகு "பற்றி" வெடித்துக் கிளம்பும். வெட்ட வசதியான இடம் என்று தோன்றும். ஆனால் அந்த அமைதிதான் "ப்". உதடு மூடியிருக்கும் நேரம் அது, அதன் நீளம்தான் ஒற்று இருக்கிறதா இல்லையா என்று காதுக்குச் சொல்கிறது. அதைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் ஒற்று விழுங்கின மாதிரி, அரைகுறையாகக் கேட்கும். அதனால்தான் வெட்டு எப்போதும் வாக்கியங்களுக்கு நடுவே, இரட்டைச் சாய்கோடு போட்ட இடத்தில் விழ வேண்டும் என்கிறேன்.

இரண்டு மூன்று வாக்கியம் தாண்டிய பிறகுதான் முன்னால் தப்பினது உறைக்கிறது, அப்போது? இரண்டு முறை தட்டுங்கள். "இரண்டு, மூன்றிலிருந்து" என்று முகவரியை வாயால் சொல்லுங்கள். அந்த வாக்கியத்திலிருந்து இப்போது நிற்கும் இடம் வரை எல்லாவற்றையும் மறுபடி படித்து வந்து சேருங்கள். கொஞ்சம் அதிக வேலைதான், ஆனால் எடிட்டில் ஒரே ஒரு வெட்டு.

இந்த முறை முழுக்க ஒரே விதியில் நிற்கிறது: கடைசியாகப் படித்ததே சரி. எடிட் செய்கிறவர், அது நாளைய நீங்களாகவே இருந்தாலும், தட்டுக்கு முன்னால் உள்ளதை யோசிக்காமல் வெட்ட முடிய வேண்டும். எப்போதாவது "முதல் தடவை படித்ததுதான் நன்றாக வந்தது, சும்மா இன்னொரு தடவை படித்தேன்" என்று ஆகும். அப்போது ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிடுங்கள். நட்சத்திரம் இல்லாத எல்லா இடத்திலும் விதி விதிதான்.

நம் பத்தி பதிவில் எப்படிப் போனது என்று பார்ப்போம். 2/1 ஒரே தடவையில் வந்தது. 2/2-இல் "இருநூற்று எண்பது வளைவுகள்" என்று வாய் நழுவியது, தட்டு, மறுபடி, சரி. 2/3-இல் பயந்தது போலவே "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து" என்று வருடம் தொடங்கிவிட்டது, தட்டு. மறுபடி சரியாகப் படித்தேன், ஆனால் வாக்கியம் முடியும் நேரத்தில் தெருவில் ஒரு பைக் ஹார்ன். அதற்கும் தட்டு, ஓரத்தில் ஒரு கோடு, பக்கத்தில் "ஹார்ன்". மூன்றாவது தடவை சரி. 2/4, 2/5 தடையில்லாமல் போயின, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

குச்சியிலிருந்து லேபிளுக்கு

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருள், இலவசம், கீழே சொல்வது அதற்கானது. பதிவு முடிந்ததும் முதலில் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள், வெட்டுவதெல்லாம் பிரதியில். பிறகு ஒவ்வொரு குச்சியிலும் கிளிக் செய்து `Ctrl+B` அழுத்தினால் அங்கே ஒரு லேபிள் விழும், அதில் ஸ்கிரிப்ட் ஓரத்தைப் பார்த்து முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே லேபிள் போட `Ctrl+M` உண்டு, ஆனால் நீங்களே படித்துக்கொண்டு நீங்களே விசையைத் தட்டினால் விசைச் சத்தம் பதிவில் ஏறும். பக்கத்தில் வேறொருவர் லேப்டாப்போடு உட்கார்ந்தால் மட்டும் அது பயன்படும்.

லேபிள்களைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் வெறும் எழுத்துக் கோப்பாக வரும். நம் பத்திக்கு இப்படி:

```
19.400000	19.400000	2/2 ரீ1
31.850000	31.850000	2/3 ரீ1
44.100000	44.100000	2/3 ரீ2 ஹார்ன்
```

முதல் இரண்டு எண்ணும் தொடக்க, முடிவு நொடிகள், ஒரே புள்ளி என்பதால் இரண்டும் ஒன்றே. இங்கே ஒரு சரிபார்ப்பு கிடைக்கிறது: ஸ்கிரிப்ட் ஓரத்தில் உள்ள "ரீ"க்களும் கோடுகளும் மொத்தம் எத்தனையோ அத்தனை லேபிள் இருக்க வேண்டும். காகிதத்தில் மூன்று, லேபிள் இரண்டு என்றால் ஒரு குச்சியை விட்டுவிட்டீர்கள், தப்பான டேக் பதிவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. லேபிள் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் கதவு சாத்திய சத்தமாக இருக்கும்.

இப்போது ஒவ்வொரு லேபிளுக்கும் அந்த வாக்கியத்தின் தலையிலிருந்து தட்டின் எதிரொலி அடங்கும் வரை வெட்டுங்கள். கடைசி லேபிளில் தொடங்கி முதல் லேபிளை நோக்கி வாருங்கள். முன்னாலிருந்து வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் உள்ள நேரமெல்லாம் நகர்ந்து, குறித்து வைத்த நொடிகள் பொய்யாகிவிடும்.

ஒலி அளவை நார்மலைஸ் செய்வதெல்லாம் தட்டுகளை வெட்டிய பிறகுதான். அது கோப்பில் உள்ள மிக உயரமான உச்சியை வைத்துக் கணக்குப் போடும். தட்டு இருந்தால் தட்டுதான் உச்சி, உங்கள் குரல் கீழேயே கிடக்கும். "நார்மலைஸ் செய்தும் சத்தம் கம்மியாக இருக்கிறதே" என்று ஒருநாள் முழுக்க மைக்கைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இதே ஆடாசிட்டியில் `Shift+D` என்ற வேறு வழியும் உண்டு. தப்பின இடத்துக்கு முன்னால் கர்சரை வைத்து அழுத்தினால், முந்தைய ஐந்து நொடியை ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டிவிட்டு, கர்சர் இருக்கும் இடத்திலிருந்து பழையதை நீக்கிப் புதிதாகப் பதியும். தட்டும் வேண்டாம், பின்னால் வெட்டவும் வேண்டாம். அனுபவப்பட்டவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் கை மவுஸுக்குப் போவதால் புதியவருக்குப் படிக்கும் ஓட்டம் உடைந்துபோகிறது. பத்து மணி நேரமாவது தட்டிப் பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

பிக்கப் பட்டியல்

வெட்டி முடித்த கோப்பை அடுத்த நாள் கேளுங்கள், அதே நாள் வேண்டாம். இன்று படித்தது இன்று காதில் சரியாகத்தான் கேட்கும். முடிந்தால் வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கையில் ஸ்கிரிப்ட், விரல் வாக்கியத்தின் மேல். தப்பு தெரிந்தால் நிறுத்தி ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரியில் ஐந்து விஷயம்: எந்தக் கோப்பு, முகவரி, நேரம், என்ன கேட்கிறது, என்ன இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். "பட்டை தப்பு" என்று மட்டும் எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்து அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியாது.

நம் பத்தியில் மூன்று அகப்பட்டன. கோப்பின் பெயர் மூன்றுக்கும் ஒன்றே, ரயில்-வெட்டு1.

2/1, 0:11. "சுமார்" என்ற சொல்லுக்கு முன் வாய்ச் சொடுக்கு. வெட்டினால் போதும், மறுபடி படிக்க வேண்டாம்.

2/4, 0:35. கேட்பது: "இரும்புப் பட்டறை". இருக்க வேண்டியது: "இரும்புப் பட்டை". மறுபடி படிக்க.

2/5, 0:41. கேட்பது: "மேலே ஏறும்". இருக்க வேண்டியது: "மேலேறும்". விட்டுவிடலாம்.

இரண்டாவதைப் பாருங்கள். படிக்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை. தெரிந்த தப்பைத் தட்டிவிடுகிறோம், ஆகவே பிக்கப் பட்டியலுக்கு வருவதெல்லாம் தெரியாத தப்புகள்தான். பெரும்பாலும் உண்மையான இன்னொரு சொல்லாக மாறியிருக்கும், அதனால்தான் காது விட்டுவிடுகிறது.

மூன்றாவதைத் திருத்துவதா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. என் கணக்கு இது. பொருள், எண், பெயர் மாறினால் கட்டாயம் திருத்த வேண்டும். பொருள் மாறாமல் சொல் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்தால், என் எழுத்து என்றால் விட்டுவிடுவேன், பிறர் எழுத்து என்றால் திருத்துவேன். சத்தங்களில், ஸ்பீக்கரில் கேட்டால் தெரிவதைத் திருத்துவேன். ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டிவைத்துத் தேடினால்தான் தெரியும் என்றால் விட்டுவிடுவேன். இப்படி ஏதாவது ஒரு கோடு போட்டுக்கொள்ளாவிட்டால் பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளும்.

பட்டியலில் நேரத்தோடு முகவரியும் இருப்பதன் அருமை திருத்தம் தொடங்கினால்தான் தெரியும். ஒன்றைத் திருத்தியதும் நேரங்கள் நகர்ந்துவிடும், கோப்பு வெட்டு2 ஆகிவிடும், ஆனால் 2/4 எப்போதும் 2/4தான்.

பிக்கப் படிப்பது

மறுபடி மைக் முன்னால். இந்த முறை படிக்க வேண்டியது ஒரே வாக்கியம், அதுதான் கஷ்டம். ஒருமுறை இரவு பதினொரு மணிக்குப் பிக்கப் எடுத்தேன், வீடு அமைதியாக இருக்கிறதே என்று. மூலப் பதிவு காலையில் எடுத்தது. ஒட்டிக் கேட்டால் நடுவில் யாரோ என் தம்பி வந்து ஒரு வாக்கியம் படித்துவிட்டுப் போனது போல இருந்தது. காலைக் குரலும் ராத்திரிக் குரலும் ஒன்றல்ல. ஆகவே அதே நேரத்தில், அதே நாற்காலியில், மைக்குக்கு அதே தூரத்தில் எடுங்கள். தூரத்துக்கு நான் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் வைத்துக்கொள்கிறேன், அதை ஸ்கிரிப்ட்டின் முதல் பக்கத்தில் எழுதியும் வைக்கிறேன். மின்விசிறி அன்று நிறுத்தியிருந்தால் இன்றும் நிறுத்த வேண்டும்.

2/4-ஐப் படிக்கும் முன் பழைய பதிவில் 2/2, 2/3 இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், கேட்ட வேகத்திலேயே 2/3-லிருந்து வாய்விட்டுப் படித்து 2/4-க்கு வந்து 2/5-இல் முடியுங்கள். மூன்று வாக்கியம் படித்து நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறோம். தனியாக ஒரு வாக்கியத்தைப் படித்தால் அது அறிவிப்பு மாதிரி வரும், ஓட்டத்தில் படித்தால்தான் பத்தியின் நடுவில் உட்காரும். இப்படி மூன்று தடவை. மூன்றில் எது பொருந்துகிறது என்று ஒட்டிப் பார்த்துத்தான் தெரியும், படிக்கும்போது நன்றாக இருப்பதாகத் தோன்றினது அநேகமாகப் பொருந்தாது.

ஒட்டிய பிறகு அந்த வாக்கியத்தை மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். பத்து நொடி முன்னாலிருந்து பத்து நொடி பின்னால் வரை கண்ணை மூடிக் கேளுங்கள். எங்கே ஒட்டியது என்று தெரிந்தால், பெரும்பாலும் சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும், அல்லது வாக்கியத்துக்கு முன் உள்ள இடைவெளி மற்ற இடங்களைவிடக் குறைவாக இருக்கும். முதலாவதை ஒலி அளவில் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு, தொடக்கத்தில் பதிந்த அந்த ஐந்து நொடி அறை அமைதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி நிரப்புங்கள். குரலின் தொனியே வேறாக இருந்தால் மறுபடி படிப்பதைத் தவிர வழியில்லை, எந்த எஃபெக்ட்டும் அதைச் சரிசெய்யாது.

சரியாக உட்கார்ந்ததும் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் எந்தக் கோப்பில் சரியாயிற்று என்று எழுதுங்கள்: "2/4 சரி, வெட்டு2". அந்தப் பட்டியலையும், ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கின ஸ்கிரிப்ட்டையும் ஃபோனில் படம் எடுத்துக் கோப்புகளோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து "2/2-இல் பாலங்கள் என்பதை எடுத்துவிட்டு மறுபடி தர முடியுமா" என்று கேட்டு வரும்போது, எந்த மைக், எந்த நேரம், எவ்வளவு தூரம், அந்த வாக்கியத்தை எத்தனை தடவை படித்தோம் என்று அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.